2 சென் பிழைக்கு எந்த சிவியரிட்டி?

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறேன். பக் ரிப்போர்ட் எழுதிக் காட்டச் சொல்வார்களாம். சிவியரிட்டி, பிரையாரிட்டி இரண்டும் எனக்குக் குழம்புகிறது. எப்படித் தயாராவது, சார்?

பதில்: தம்பி, உணவகக் கல்லாவில் ஓடும் ஒரு பில்லிங் செயலியை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை மட்டும் 5 சென் கணக்கில் சரிக்கட்டுகிறோம். கார்டில் கட்டினால் சென் மாறக்கூடாது. நம் செயலி கார்டுக்கும் சரிக்கட்டிவிடுகிறது. இதுதான் பக்.

தலைப்பிலேயே எங்கே, என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள்: "கார்டில் கட்டும்போதும் மொத்தத் தொகை 5 சென்னுக்குச் சரிக்கட்டப்படுகிறது." 'பில் தப்பு' என்று எழுதினால் டெவலப்பர் உங்களைத்தான் தேடி வருவார். அப்புறம் படிகள்: RM12.10-க்கு உணவு சேர்க்கவும், 6% சேவை வரி RM0.73 சேர்வதைப் பார்க்கவும், கார்டைத் தேர்ந்தெடுக்கவும். வர வேண்டியது RM12.83, வந்தது RM12.85. செயலியின் பதிப்பு எண், எந்த டேப்லெட், எத்தனை முறை செய்து எத்தனை முறை வந்தது, ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றையும் சேருங்கள். ரொக்கத்தில் RM12.85 வருவது சரிதான் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்; தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

தொகையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. RM10.00-க்கு வரியோடு RM10.60 வரும், அதில் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. வரி சேர்ந்த பிறகு கடைசி இலக்கம் 0 அல்லது 5 ஆக வராத தொகை வேண்டும். ஏன் 12.10 என்று கேட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள்.

சரி, சிவியரிட்டி. பிழை எவ்வளவு கெடுக்கிறது என்பதுதான் அது. செயலி நின்றுபோகவில்லை, ஆனால் வாடிக்கையாளரிடம் தவறான பணம் எடுக்கிறது, காசாளரால் திருத்தவும் வழியில்லை. நான் 'மேஜர்' போடுவேன். "வெறும் 2 சென்தானே?" என்று மடக்குவார்கள். கடைசி இலக்கம் இடறும் ஒவ்வொரு கார்டு பில்லிலும் இது நடக்கும் என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

பிரையாரிட்டி என்பது எப்போது திருத்த வேண்டும் என்பது. அதை நீங்கள் பரிந்துரைக்கலாம். முடிவு பெரும்பாலும் புராடக்ட் ஓனருடையது. இந்தப் பதிப்பு ரொக்கம் மட்டும் வாங்கும் கடைகளுக்குத்தான் போகிறதென்றால் பிரையாரிட்டி இறங்கிவிடும்; சிவியரிட்டி அப்படியே நிற்கும். மறுபுறம், ரசீதின் தலையில் கடைப்பெயரில் ஓர் எழுத்து தவறினால் சிவியரிட்டி குறைவுதான். நாளை காலை கடை திறக்கிறார்கள் என்றால் அதை இன்றிரவே திருத்துவார்கள்.

அதனால் பிரையாரிட்டியைக் கேட்டதும் பதில் சொல்லிவிடாதீர்கள். "எத்தனை கடைகளில் கார்டு வாங்குகிறார்கள், அடுத்த பதிப்பு எப்போது?" என்று முதலில் நீங்கள் கேளுங்கள்.