வைஃபை செயலி காட்டும் எண்கள் ஏன் மாறுகின்றன?

மொரிஷியஸின் ரோஸ் ஹில் வீட்டில் செயலியைப் பிடித்தபடி நடந்து வைஃபை வரைபடம் போட்டேன். ஒரே அறையில் அலையின் வலுவுக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறதே, ஏன்?

நீங்கள் நடந்துகொண்டே அளப்பதுதான் முதற்காரணம். ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் திறந்திருக்கும் செயலிகூட இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைதான் சுற்றியுள்ள வலையமைப்புகளைத் தேட முடியும் என்பதால், சமையலறையில் எடுத்த அளவையே படுக்கையறையிலும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் நின்று, எண் புதுப்பிக்கப்பட்ட பின்னரே தாளில் குறியுங்கள். உடலும் அலையைத் தடுக்கும். ரூட்டருக்கு முகம் காட்டி ஒருமுறையும் முதுகு காட்டி ஒருமுறையும் அளந்து, நடு எண்ணை எழுதுவது நல்லது.

2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்குத் தனித்தனித் தாள் வேண்டும். இரண்டையும் கலந்தால் வரைபடம் பொய்யாகிவிடும்.

எங்கள் வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸில் முன்கூடம் -45 dBm, தாழ்வாரம் -61, பின்னறை -80. பூச்சியத்துக்கு அருகிலுள்ள எண்ணே வலுவானது. -67 வரை காணொளி அழைப்பு பெரும்பாலும் தடைபடாது. தாழ்வாரத்துக்கும் பின்னறைக்கும் இடையே திடீரென 19 குறைந்ததால், குற்றவாளி தூரமன்று, புயலுக்கு அஞ்சி நாம் எழுப்பும் கான்கிரீட் சுவரே என்று தெரிந்தது. ரூட்டரைத் தாழ்வாரத்தில், பின்னறைக் கதவுக்கு நேராக வைத்ததும் அங்கே -64 ஆயிற்று, கதவு திறந்திருக்கும்போது மட்டும்.

எண் நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால், அது அண்டை வீட்டு ரூட்டர்களின் நெரிசலாக இருக்கலாம். இந்த வரைபடம் அதைக் காட்டாது.