ஒன்பதடிக்கு மேல் மனிதன் வளர முடியுமா?

“ராயபுரத்தில் எங்கள் வீட்டு நிலைப்படி ஆறரை அடி. ஒன்பதடிக்கு மேல் மனிதன் வளர முடியுமா?”

இதுவரை சான்றுடன் பதிவான உச்சம் அமெரிக்கரான ராபர்ட் வாட்லோவின் 272 செ.மீ.; ஒன்பதடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை அளவின்றிச் சுரந்ததால், சாகும்வரை வளர்ந்துகொண்டே இருந்தார்.

தடை எடைதான். அதே உடல்வாகில் உயரம் ஒன்றரை மடங்கானால் எலும்பின் குறுக்குப் பரப்பு 2.25 மடங்குதான் கூடும். எடையோ ஏறக்குறைய 3.4 மடங்காகும். வாட்லோ காலில் உலோகத் தாங்கி கட்டித்தான் நடந்தார். பாதத்தில் உணர்ச்சியும் குறைவு. 1940 ஜூலையில் சரியாகப் பொருந்தாத தாங்கி கணுக்காலை உரசிக் கொப்புளமாக்கியது. அதில் சீழ் பிடித்து 22 வயதில் இறந்தார்.

குள்ளமாக இருப்பது உடலுக்கு இந்த அளவு பாரமில்லை போலும்: 54.6 செ.மீ. உயரமே இருந்த நேபாளத்தின் சந்திர பகதூர் டாங்கி 75 வயது வரை வாழ்ந்தார்.