நிறுவனத்தின் பெயர் மறைத்த வேலை விளம்பரம்: நமக்குப் பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது? கேள்வி பதில்

சென்னையில் ஸ்டாஃபிங் ஏஜென்சியில் ரெக்ரூட்டராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது ஒரு கம்பெனியின் ஆள் எடுக்கும் குழுவில் வேலை பார்க்கிறேன். ஏஜென்சி விளம்பரங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குக் கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

"அக்கா, விளம்பரத்தில் இருப்பது இவ்வளவுதான்: 'எங்கள் கிளையன்ட், முன்னணி பேங்கிங் எம்என்சி. ஜாவா டெவலப்பர், 4–8 வருடம், சென்னை, ஹைப்ரிட், ஷிப்ட் மதியம் 1 முதல் 10, கான்ட்ராக்ட் டு ஹயர். ஜாவா, ஸ்பிரிங் பூட், எஸ்க்யூஎல், ஏடபிள்யூஎஸ், காஃப்கா, டாக்கர், ஆங்குலர். உடனே சேருபவர்கள் மட்டும்.' எனக்கு நாலரை வருடம். ஏடபிள்யூஎஸ், ஆங்குலர் தெரியாது. அப்ளை பண்ணலாமா?"

பண்ணலாம் தம்பி. ஆனால் அந்த ஏழு ஸ்கில்லையும் வைத்து உங்களை அளக்காதீர்கள். ஏஜென்சி விளம்பரத்தில் ஸ்கில் பட்டியல்தான் நம்பவே முடியாத பகுதி. கிளையன்ட் அனுப்பும் மெயிலில் பெரும்பாலும் மூன்று நான்கு ஸ்கில்தான் இருக்கும். தேடலில் விளம்பரம் மேலே வர வேண்டும் என்று மீதியை ரெக்ரூட்டர் ஒட்டிவிடுவார். 4–8 என்ற வருடக் கணக்கும் அப்படித்தான். கிளையன்ட் 4–6 கேட்டிருக்கலாம். ரெஸ்யூமே நிறைய வரட்டும் என்று இங்கே நீட்டியிருப்பார்கள்.

ஷிப்ட், ஊர், வேலை முறை, சேரும் கெடு ஆகியவற்றை யாரும் இட்டுக்கட்ட மாட்டார்கள், முதலில் அவற்றைப் படியுங்கள். மதியம் 1 முதல் 10 என்றால் அநேகமாக இங்கிலாந்து டீமோடு வேலை. அவர்களுடைய காலை 9 மணி நமக்குக் கோடையில் மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. தினமும் பேசியாக வேண்டிய இடம் அது. ராத்திரி 10 மணிக்கு மேல் வீடு திரும்புவது சரிப்படாது என்றால், ஸ்கில் முழுதாகப் பொருந்தினாலும் இந்த வேலை உங்களுக்கு இல்லை.

ஸ்கில் விஷயத்தில் உண்மை தெரிவது விளம்பரத்துக்குப் பிறகுதான். ரெக்ரூட்டர் போனில் பேசிவிட்டு ஒரு மெயில் அனுப்புவார். மொத்த அனுபவம், இப்போதைய சிடிசி, எதிர்பார்ப்பு, நோட்டீஸ் என்று நிரப்பச் சொல்லும் ஒரு அட்டவணை அதில் இருக்கும். 'ஸ்பிரிங் பூட்டில் எத்தனை வருடம்', 'எஸ்க்யூஎல்லில் எத்தனை வருடம்' என்று தனித்தனிக் கட்டமாக எவற்றைக் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கிளையன்டுக்கு ரெஸ்யூமேயோடு போகும் தாள் அதுதான், பெரும்பாலும் கட்டங்களைத் தருவதும் கிளையன்ட்தான். ஏடபிள்யூஎஸ் கட்டம் இல்லையென்றால், அதற்காக உங்களை ஒதுக்கும் வாய்ப்பு குறைவு. கட்டம் இருந்தால் பூஜ்ஜியம் என்று உள்ளபடி எழுதிவிட்டு, 'இது கட்டாயமா?' என்று கேளுங்கள். பொய்யாக ஒரு வருடம் போட்டால் முதல் டெக்னிக்கல் ரவுண்டிலேயே தெரிந்துவிடும்.

"கம்பெனி பெயரையே சொல்லாதவன் ஏமாற்றுக்காரன்தான். இதற்கெல்லாம் எதற்கு ஆராய்ச்சி? என் அனுபவத்தில் ஒதுங்குவதே நல்லது."

பாதி சரி சார். பெயர் சொல்லாத விளம்பரங்களில் மோசடிகள் உண்டு. ஆனால் உள்நாட்டு வேலையில் பெயரை மறைப்பதற்கு முக்கியக் காரணம் வேறு. கிளையன்ட் பெயர் வெளியே தெரிந்தால் ஆள் நேரே கம்பெனிக்கு அப்ளை செய்துவிடுவார், போட்டி ஏஜென்சியும் அதே ஆளைப் பிடித்துவிடும். ஆள் சேர்ந்தால்தான் ஏஜென்சிக்குப் பணம் என்பதால் மறைக்கிறார்கள். சில இடங்களில் பழைய ஆளுக்கே தெரியாமல் அவர் இடத்துக்கு ஆள் தேடுவார்கள், அப்போது கிளையன்டே மறைக்கச் சொல்லும்.

எனவே பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பதிவுக் கட்டணம், ட்ரெய்னிங் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் உங்களிடம் பணம் கேட்டாலும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூவே இல்லாமல் ஆஃபர் வந்தாலும் அப்படியே. பிறந்த தேதியையும் பான் எண்ணையும் சில கிளையன்ட்கள் முன்னாடியே கேட்பார்கள், ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகிறாரா என்று பார்க்க. ஆதார் நகலும் பேங்க் விவரமும் ஆஃபர் வருவதற்கு முன் யாருக்கும் வேண்டியதில்லை.

"கிளையன்ட் யார் என்று கேட்டால் 'ஷார்ட்லிஸ்ட் ஆனதும் சொல்றோம்' என்கிறார்கள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை மேடம்."

பெயரைக் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். கிளையன்டோடு தினமும் பேசுபவருக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்விகளைக் கேளுங்கள். நான் கேட்பது இரண்டுதான். 'இதற்கு ஏற்கெனவே ஆட்களை அனுப்பியிருக்கிறீர்களா, அவர்கள் எந்த ரவுண்டில் எதில் தோற்றார்கள்?' என்பது முதல் கேள்வி. நிஜமாக ஓடிக்கொண்டிருக்கும் வேலை என்றால், 'மூணு பேர் போனாங்க, ரெண்டு பேர் ஜாய்ன் குவரி எழுதச் சொன்னதுல விழுந்துட்டாங்க' என்கிற மாதிரி பதில் வரும். அந்த ஒரு வரியில் உங்களுக்கு இன்டர்வியூ தயாரிப்பே கிடைத்துவிடுகிறது. 'இது புது ஆளா, போனவருக்குப் பதிலா?' என்பது இரண்டாவது. போனவருக்குப் பதில் என்றால், அவர் செய்த வேலையை அப்படியே எடுத்துச் செய்யத் தெரிந்த ஆளைத் தேடுவார்கள், ஸ்கில்லில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். புது டீம் என்றால் கொஞ்சம் இளகுவார்கள்.

இரண்டுக்கும் 'ப்ரொஃபைல் அனுப்புங்க, பார்க்கலாம்' என்றே பதில் வந்தால், அந்த ரெக்ரூட்டர் கிளையன்டிடமிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறார், அல்லது வேலையே இல்லாமல் ரெஸ்யூமே சேர்க்கிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

"நானும் இந்தத் துறைதான், கம்பெனி பக்கம் வெண்டர்களைக் கவனித்தவன். ஒரு சின்ன திருத்தம். ரெக்ரூட்டருக்குப் பதில் தெரியவில்லை என்றால் வேலையே இல்லை என்று ஆகிவிடாது. பெரிய கம்பெனிகளில் நடுவில் ஒரு மேலாண்மை ஏஜென்சி இருக்கும், மேனேஜரோடு பேச வெண்டர்களை விடவே மாட்டார்கள். நல்ல ரெக்ரூட்டருக்கும் ஃபீட்பேக் வராது."

ஒப்புக்கொள்கிறேன் சார், பெரிய வங்கிகளில் இதை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் ரெக்ரூட்டருக்கு ஃபீட்பேக் தெரியாது, ஆனால் பட்ஜெட் உச்சவரம்பும் கான்ட்ராக்ட் எத்தனை மாதம் என்பதும் தெரிந்திருக்கும். அந்த இரண்டும் தெரியாதவர் சப்-வெண்டருக்குக் கீழே இன்னொரு சப்-வெண்டராக இருக்கலாம். நடுவில் ஆள் கூடக் கூட உங்கள் சம்பளத்திலிருந்துதான் கழியும்.

"அதே ஜாவா வேலைக்கு மூன்று ஏஜென்சி கூப்பிட்டார்கள். மூவருக்கும் ரெஸ்யூமே கொடுத்தால் வாய்ப்பு கூடும்தானே?"

குறையும். ஒரே ஆளின் ரெஸ்யூமே இரண்டு வெண்டர் வழியாகப் போனால், முதலில் அனுப்பியவருக்கே ஆள் சொந்தம் என்று சில கம்பெனிகள் வைத்திருக்கின்றன. தகராறே வேண்டாம் என்று ஆளையே ஒதுக்கும் கம்பெனிகளும் உண்டு. பெயர் மறைத்த விளம்பரத்தில் மூன்றும் ஒரே கிளையன்ட்தானா என்பதே உங்களுக்குத் தெரியாது, அதனால்தான் இது நடக்கிறது.

மூன்று விளம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மூன்றிலும் வார்த்தை மாறாமல் வரும் வரிகள் கிளையன்ட் எழுதியவை. ஒன்றில் மட்டும் இருப்பவை ஏஜென்சி ஒட்டியவை. மேலே தம்பி கேட்ட விளம்பரத்தோடு இன்னும் இரண்டை வைத்துப் பார்த்து, ஜாவா, ஸ்பிரிங் பூட், எஸ்க்யூஎல் மூன்றிலும் வந்து, ஆங்குலர் ஒன்றில் மட்டும் இருந்தால் ஆங்குலரை மறந்துவிடலாம். பொதுவான வரிகளில் கொஞ்சம் விசித்திரமான ஒன்றை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் சில சமயம் கம்பெனியின் சொந்த கேரியர் பக்கமே வந்து நிற்கும். அங்கே நிரந்தர வேலையாக இருந்து, இதுவரை எந்த ஏஜென்சியும் உங்களை அனுப்பவில்லை என்றால், நேரே அப்ளை செய்வதில் தப்பே இல்லை. கான்ட்ராக்ட் வேலைகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் வராது, அதற்கு ஏஜென்சி வழிதான்.

ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும், 'கிளையன்ட் பெயரை மெயிலில் சொல்லி, அனுப்பலாமா என்று என் சம்மதம் வாங்கிய பிறகே ரெஸ்யூமேயை அனுப்புங்கள்' என்று எழுதிவிடுங்கள். ஒழுங்கான ஏஜென்சி அந்தக் கட்டத்தில் பெயரைச் சொல்லிவிடும்.

"கான்ட்ராக்ட் டு ஹயரில் 12 லட்சம் என்கிறார்கள், இப்போது நிரந்தர வேலையில் 10.5. தாவலாமா?"

அந்த 12-ஐப் பிரித்துப் பாருங்கள். மாதம் ஒரு லட்சம். பேசிக் 50,000 என்று வைத்தால், முதலாளி பங்கு பிஎஃப் 12 சதவீதம், 6,000, சிடிசிக்குள்ளேயே இருக்கும். உங்கள் பங்கு இன்னொரு 6,000. வரி பிடிப்பதற்கு முன் கையில் 88,000. சில ஏஜென்சிகள் 15,000 என்ற உச்சவரம்பில் கணக்குப் போட்டு 1,800 மட்டும் கட்டும். கையில் கூட வரும், பிஎஃப்பில் குறையும். இதையெல்லாம் விட, சம்பளத்தோடு லீவு எத்தனை என்று கேளுங்கள். கிளையன்டுக்கு நாள் கணக்கில் பில் போகும் இடங்களில் லீவு எடுத்தால் அன்றைய சம்பளம் போய்விடும். மாதம் ஒரு நாள் லீவு போட்டாலே வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும்.

'ஹயர்' பாதியை வாய்ப்பேச்சில் நம்பாதீர்கள். போன வருடம் அந்த டீமில் எத்தனை பேரை கிளையன்ட் பேரோலுக்கு மாற்றினார்கள் என்று இன்டர்வியூவில் மேனேஜரிடமே கேட்கலாம். பிஎஃப் கணக்கில் முதலாளி பெயராக ஏஜென்சிதான் வரும். அதனால் ரெஸ்யூமேயில் பேரோல் ஏஜென்சி, கிளையன்ட் இரண்டையும் எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் கேள்வி வரும்.

"என் தம்பி வெல்டர். சவுதியில் பெரிய கம்பெனி என்று ஏஜென்ட் சொல்கிறார், பெயர் சொல்லவில்லை. நீங்கள் சொன்னபடி பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லைதானே?"

இல்லம்மா, நான் சொன்னது உள்நாட்டு வேலைக்கு மட்டும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப 1983 குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜென்டுக்கு லைசென்ஸ் வேண்டும். அங்கிருக்கும் முதலாளி கொடுத்த டிமாண்ட் லெட்டரும் வேலை ஒப்பந்தமும் அவர் கையில் இருக்க வேண்டும், அதில் முதலாளி பெயர் இருக்கும். பெயர் சொல்ல மறுப்பவரிடம் அந்தக் காகிதம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். eMigrate தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியல் இருக்கிறது, லைசென்ஸ் எண்ணைக் கேட்டு அங்கே பார்த்துவிட்டுப் பேசுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் முதலில் கொடுத்துவிட வேண்டாம்.

"'எனி டிகிரி, 50 ஓபனிங்ஸ், ஸ்ரீபெரும்புதூர்' என்று வருகிறதே, அது?"

மொத்தமாக ஆள் எடுப்பது. தகுதி பற்றிய கவலை வேண்டாம். எந்த வேலை, ஷிப்ட் சுழற்சி எப்படி, பஸ் எந்த ஸ்டாப்பிலிருந்து என்று கேளுங்கள்.

"எனக்கு 90 நாள் நோட்டீஸ். 'உடனே சேருபவர்கள் மட்டும்' என்ற விளம்பரத்துக்கு அனுப்புவது வீண்தானா?"

இதில் எனக்கும் உறுதியான பதில் கிடையாது. கான்ட்ராக்ட் வேலை என்றால் அநேகமாக வீண்தான், ப்ராஜெக்ட் தொடங்கும் தேதி காத்திருக்காது. ஆனால் அதே விளம்பரம் ஒன்றரை மாதமாகத் திரும்பத் திரும்ப வந்தால், உடனே சேரும் ஆள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம், அப்போது 60 நாள் ஆட்களைக் கூட எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். நோட்டீஸை பணம் கட்டிக் குறைக்க உங்கள் கம்பெனி விடுமா என்று முதலில் ஹெச்ஆரிடம் விசாரியுங்கள். விட்டால் அந்த நாள் கணக்கை ரெக்ரூட்டரின் அட்டவணையில் நோட்டீஸ் கட்டத்திலேயே எழுதுங்கள், ரெஸ்யூமேயில் எழுதினால் யாரும் படிப்பதில்லை.