19 மதிப்பெண்ணுக்காகப் படிப்பை மாற்ற வேண்டாம், அண்ணாச்சி

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் மகளின் விடைத்தாளோடு வந்திருந்தார். மகள் உணவுத் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பயறுத் தொழில்நுட்பம் உள்தேர்வில் 50-க்கு 19. "பருப்பு உடைக்க ஒரு படிப்பா? கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாத்துங்க, மேனேஜ்மெண்ட் சீட் நான் பேசித் தாரேன்" என்று மைத்துனர் ஒற்றைக் காலில் நிற்கிறாராம்.

ஒரு தேர்வுதானே, அடுத்ததில் எடுத்துவிடுவாள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். விடைத்தாளைப் புரட்டியதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

துவரையை உடைக்கும்போது எண்ணெய் தடவுவது ஏன் என்பது முதல் கேள்வி. 'பளபளப்புக்காக' என்று எழுதி, 10-க்கு 2 வாங்கியிருக்கிறாள். தவறுதான். கொண்டைக்கடலையில் தோல் எளிதாகக் கழன்றுவிடும். துவரையிலோ தோலுக்கும் பருப்புக்கும் நடுவே ஒரு பிசின் படலம் இருந்து இரண்டையும் ஒட்டிப் பிடித்திருக்கிறது. அதனால் முதலில் சொரசொரப்பான உருளையில் ஓட்டித் தோலில் கீறல் போடுவார்கள். பிறகு 100 கிலோவுக்குக் கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை எண்ணெய் பிசறி, குவித்துவைத்து, களத்தில் இரண்டு மூன்று நாள் காயவைப்பார்கள். கீறல் வழியே இறங்கும் எண்ணெய் அந்தப் பிசின் பிடியைத் தளர்த்தும். அப்புறம் லேசாகத் தண்ணீர் தெளித்து ஒரு ராத்திரி வைத்து மறுபடி உருளையில் விடுவார்கள். ஒரே ஓட்டத்தில் எல்லாத் தோலும் போகாது, மூன்று நான்கு தடவையாவது ஓட்ட வேண்டியிருக்கும்.

பதம் பார்க்க ஒரு கை அள்ளினால் போதும். பருப்பில் அங்கங்கே தோல் ஒட்டியிருந்தால் பக்குவம் போதவில்லை. பருப்பின் ஓரம் மழுங்கி, அடியில் மஞ்சள் தூள் சேர்ந்திருந்தால் உருளை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டது.

அண்ணாச்சி காசுக் கணக்குக்காரர், அதனால் இதையும் சொன்னேன். துவரையில் தோலைக் கழித்தால் 100 கிலோவில் சுமார் 85 கிலோ பருப்பு வர வேண்டும். பழைய முறை மில்களில் 70-ஐ ஒட்டித்தான் வருகிறது. மிச்சம் குருணையும் தூளுமாக மாட்டுத் தீவன விலைக்குப் போகிறது. ஒரு நாளைக்கு 10 டன் அரைக்கும் மில்லில் 100 கிலோவுக்கு 3 கிலோ மிச்சம் பிடித்தாலும் 300 கிலோ பருப்பு கூடும். மழைக்காலத்தில் களமே ஓடாது. அதற்காகத்தான் மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ உணவு ஆராய்ச்சி நிலையம் வெயிலுக்குப் பதில் சூடான காற்றில் பதப்படுத்தும் முறையை உருவாக்கியது. இதையெல்லாம் படித்துவிட்டு மில்லுக்குள் போய் நிற்கும் ஆட்களைத்தான் காணோம்.

கடைசிக் கேள்வி, பயறுகள் வேக எடுக்கும் நேரம் ஏன் வேறுபடுகிறது. அதில் 9 வாங்கியிருக்கிறாள்! தோல் நீக்கி உடைத்த பருப்புக்குள் தண்ணீர் சட்டென்று இறங்கும், ராஜ்மா போன்ற பெரிய முழுப்பயறில் அது உள்ளே போகவே நேரமாகும் என்று தொடங்குகிறாள். அதோடு விடவில்லை. போன வருஷக் கொண்டைக்கடலை வேகவில்லை என்று கடைக்குத் திரும்பி வந்ததாம். அதை ராத்திரி ஊறவைத்துப் பார்த்திருக்கிறாள். ஊறாமல் கல்லாகவே கிடந்தால் தோல் தண்ணீரை விடவில்லை என்று அர்த்தம். இதுவோ நன்றாக உப்பியும் வேகவில்லை. வெக்கையும் ஈரமுமான குடோனில் கிடந்ததால் கடலையிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் சிதைந்து, அது பிடித்துவைத்திருந்த கால்சியமும் மக்னீசியமும் வெளியே வந்து, செல்களை ஒட்டவைக்கும் பெக்டினை இறுக்கிவிட்டன என்று எழுதியிருக்கிறாள். போர்த் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் தனித்தனியாக வேகவைத்து, போர்த் தண்ணீரில் இன்னும் தாமதமானதையும் சேர்த்திருக்கிறாள். அந்த உப்புத் தண்ணீரிலும் அதே கால்சியம்தானே.

யாரும் சொல்லாமல் கடைச் சரக்கை அடுப்பில் வைத்துப் பார்த்த பெண் இவள். இவளை ஒரு வருஷத்துக்கும் மேல் பின்னுக்குத் தள்ளி, கட்டிய மூன்று செமஸ்டர் பணத்தையும் விட்டு, கடையை அடகு வைத்து வேறு சீட் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மைத்துனர் கடனில் பாதியை ஏற்பாரா என்று கேட்டேன். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை.

மேற்படிப்புப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம். வேண்டுமானால் நான்காம் ஆண்டில் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதட்டும், அதன் XE தாளில் உணவுத் தொழில்நுட்பம் ஒரு பிரிவாகவே இருக்கிறது. இந்த விடுமுறையில் அண்ணாச்சி சரக்கு எடுக்கும் மில்லில் அவள் ஒரு மாதம் நிற்கட்டும். தினமும் எத்தனை கிலோ துவரை உள்ளே போனது, எத்தனை கிலோ பருப்பு, குருணை, தூள், தோல் வெளியே வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். எண்ணெய்க் கேள்விக்கான விடை களத்திலேயே கிடைத்துவிடும்.