பி.எஃப். பாஸ்புக்கில் மூன்று மாதம் காணோம்

“ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ அப்பர் தைக்கும் கம்பெனியில் ஐந்து வருஷமாக வேலை செய்கிறேன். பேசிக், டி.ஏ. சேர்த்து 14,000 ரூபாய். என் சம்பளத்தில் மாதம் 1,680 பி.எஃப். பிடிக்கிறார்கள். பாஸ்புக்கில் கம்பெனி பங்கு மாதம் 514 தான் ஏறியிருக்கிறது. 2024-25 பக்கத்தில் ஆகஸ்ட், செப்டம்பர், அடுத்த மார்ச் மூன்று மாதச் சம்பளத்துக்கும் வரியே இல்லை. அந்த வருஷ ஆரம்பத்தில் என் பங்கு 60,000, கம்பெனி பங்கு 18,000 இருந்தது. வட்டி 5,585, 1,679 என்று போட்டிருக்கிறது. எது சரி, எது தப்பு? யாரிடம் கேட்க வேண்டும்?” – வாசகி, வாலாஜா

514 ரூபாய் சரிதான், சகோதரி. உங்கள் 1,680க்குச் சமமாகக் கம்பெனியும் 1,680 கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பணம் முழுவதும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. சம்பளத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகும். 14,000க்கு அது 1,166. மீதி 514 தான் கம்பெனி பங்கு என்ற கட்டத்தில் ஏறும். அதே வரியின் கடைசிக் கட்டமான Pension Contribution என்பதைப் பாருங்கள், 1,166 இருக்கும். இரண்டையும் கூட்டினால் 1,680 வந்தால் கம்பெனி தன் பங்கைக் குறைக்கவில்லை என்று அர்த்தம். சம்பளம் 15,000ஐத் தாண்டினாலும் பென்ஷனுக்குப் போவது 1,250க்கு மேல் ஏறாது. அதிகச் சம்பளக்காரர்களின் கம்பெனி பங்கு பெரிதாகத் தெரிவது அதனால்தான். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே போட்டுப் பார்க்க வேண்டாம். பீடித் தொழிலுக்கு விகிதம் 12 அல்ல, 10 சதவீதம். அங்கே பென்ஷன் போக மிஞ்சுவது 1.67 சதவீதம்தான்.

இந்தக் கட்டங்களைப் பார்க்கும்போதே Wages என்ற கட்டத்தையும் பே ஸ்லிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பே ஸ்லிப்பில் 14,000 இருந்து, பாஸ்புக்கில் 10,000 என்று இருந்தால் சதவீதம் எல்லாம் சரியாகவே வரும், பணம் மட்டும் குறையும். பலர் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். உங்கள் தொகைகள் 14,000க்குப் பொருந்துகின்றன; அதனால் அந்தக் குறை உங்களுக்கு இல்லை.

இனி காணாமல் போன மாதங்கள். மூன்றில் மார்ச் 2025 தொலையவில்லை. மார்ச் மாதச் சம்பளத்துக்கான பி.எஃப்.பை ஏப்ரல் 15ஆம் தேதிக்குள் கட்டுவது வழக்கம். பாஸ்புக் அதை ஏப்ரல் கணக்காகவே எழுதும். அதனால் 2024-25 பக்கத்தின் முதல் வரி மார்ச் 2024 சம்பளமாக இருக்கும். அதன் எதிரே `Cont. For Due-Month 042024` என்று எழுதியிருக்கும். கடைசி வரி பிப்ரவரி 2025 சம்பளம், `032025`. மார்ச் 2025 சம்பளம் 2025-26 பக்கத்தின் முதல் வரியாக நிற்கும், அங்கே போய்ப் பாருங்கள். வரிகளை எண்ணும்போது சம்பள மாதத்தை விட்டுவிட்டு இந்த ஆறு இலக்க எண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தால் குழப்பமே வராது: 042024 தொடங்கி 032025 வரை பன்னிரண்டு இருக்க வேண்டும். உங்களுக்குப் பத்துதான் இருக்கிறது. இல்லாதவை 092024, 102024. ஆகஸ்ட், செப்டம்பர் சம்பளத்துக்கு உரியவை இவைதான். இந்த இரண்டும் உண்மையான குறை.

வட்டி வரியும் இதையே சொல்கிறது. வட்டி மாதாமாதம் கணக்கிடப்பட்டாலும், ஆண்டு முடிந்தபின் `Int. Updated upto 31/03/2025` என்று ஒரே வரியாகத்தான் ஏறும். 2024-25க்கு விகிதம் 8.25 சதவீதம். ஆண்டு ஆரம்பத்தில் இருந்த பணத்துக்குப் பன்னிரண்டு மாத வட்டி. நடுவில் வரும் பணத்துக்கு, அது கணக்கில் ஏறிய மாதத்துக்கு அடுத்த மாதம் முதல்தான் வட்டி ஓடும். ஆக ஏப்ரலில் ஏறியதற்கு 11 மாதம், மே மாதத்தில் ஏறியதற்கு 10, இப்படிக் குறைந்துகொண்டே வந்து மார்ச்சில் ஏறியதற்கு ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு வரியும் சரியாக ஏறியிருந்தால் இந்த மாதங்களின் கூட்டல் 66.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பங்கு 60,000க்கு 8.25 சதவீதம் 4,950. செப்டம்பரில் ஏற வேண்டியதற்கு 6 மாதம், அக்டோபரில் ஏற வேண்டியதற்கு 5 மாதம். இரண்டும் வரவில்லை என்றால் 66இல் 11 போக 55. மாதத் தொகை 1,680ஐ 55ஆல் பெருக்கி, அதில் ஒரு மாத வட்டியை எடுக்க வேண்டும்:

```
1680 × 55 × 8.25 ÷ 1200 = 635
4950 + 635 = 5585
```

பாஸ்புக்கில் இருப்பதும் இதே 5,585. கம்பெனி பங்குக்கும் இப்படியே: 18,000க்கு 1,485, மாதாமாதம் வந்த 514களுக்கு 194, மொத்தம் 1,679. ஒன்றிரண்டு ரூபாய் முன்பின் ஆனால் அது முழு ரூபாயாக்குவதால் வருவது, பொருட்படுத்த வேண்டாம். பென்ஷன் கட்டத்தில் வட்டி ஏறவில்லையே என்றும் கவலைப்பட வேண்டாம். அங்கே தனித்தனி உறுப்பினருக்கு வட்டி சேர்வதில்லை.

ஆக, பி.எஃப். அலுவலகம் கைக்கு வந்த பணத்துக்குச் சரியாகவே வட்டி போட்டிருக்கிறது. இரண்டு மாதப் பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை. உங்களுக்கு வர வேண்டியது இரண்டு 1,680, இரண்டு 514, மொத்தம் 4,388 ரூபாய். அந்த ஆண்டு வட்டியில் விட்டது உங்கள் பங்கில் 127, கம்பெனி பங்கில் 39. பென்ஷன் பக்கம் இரண்டு 1,166 சேரவில்லை. ரூபாயைவிட இந்தக் கடைசிக் குறைதான் எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. மாதப் பென்ஷன் வாங்கப் பத்து வருஷச் சேவை வேண்டும். நீங்கள் பாதி வழியில் இருக்கிறீர்கள். பணம் கட்டாத மாதங்களால் சேவைக் கணக்கில் துண்டு விழுந்தால், பின்னால் அதை நிரூபிக்க அலைவது நீங்கள்தான்.

கம்பெனியைக் குறை சொல்லும் முன், மூன்று இடங்களைப் பார்த்துவிடுங்கள். முதலில் அந்த இரண்டு மாத பே ஸ்லிப். 1,680 பிடித்திருக்கிறார்களா? மாதம் முழுவதும் சம்பளமில்லா விடுப்பில் இருந்திருந்தால் பி.எஃப். வராது, அது குறையல்ல. அடுத்து 2025-26 பக்கம். தாமதமாகக் கட்டியிருந்தால் அந்தப் பணம் அங்கே ஏறியிருக்கக்கூடும். மூன்றாவது, passbook.epfindia.gov.in தளத்தில் நுழைந்ததும் மேலே வரும் மெம்பர் ஐ.டி. பட்டியல். யு.ஏ.என். ஒன்றுதான் என்றாலும் நிறுவனம் மாறினால் மெம்பர் ஐ.டி. மாறும். தோல், ஷூ தொழிலில் நடுவில் காண்ட்ராக்டர் பெயருக்கு ஆளை மாற்றுவது உண்டு. அப்படி ஆகியிருந்தால் இரண்டு மாதமும் வேறு ஐ.டி.யின் கீழ் உட்கார்ந்திருக்கும். உறுப்பினர் தளத்தில் இப்போது வந்திருக்கும் பாஸ்புக் லைட் சுருக்கத்தை மட்டும் காட்டும். இந்த வேலைக்கு முழுப் பாஸ்புக்கை பி.டி.எஃப். ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றிலும் விடை கிடைக்காவிட்டால், யார் தவறு என்று வீட்டிலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. epfindia.gov.in தளத்தில் Establishment Search என்ற பகுதி உண்டு, லாக்-இன் தேவையில்லை. கம்பெனியின் பெயரையோ, உங்கள் மெம்பர் ஐ.டி.யில் இருக்கும் நிறுவனக் குறியீட்டு எண்ணையோ கொடுத்துத் தேடி, View Payment Details போனால், எந்தச் சம்பள மாதத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை பேருக்குப் பணம் கட்டப்பட்டது என்று வரிசையாக வரும். ஆட்களின் எண்ணிக்கையைத் தொட்டால் பெயர்ப் பட்டியல் திறக்கும். ஆகஸ்ட், செப்டம்பர் 2024க்கு வரியே இல்லையென்றால் கம்பெனி யாருக்குமே கட்டவில்லை. உங்களோடு வேலை செய்கிற எல்லோருக்கும் இதே துண்டு இருக்கும். அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். வரி இருந்து உங்கள் பெயர் மட்டும் இல்லையென்றால், மாதப் பட்டியலை ஏற்றும்போது உங்களை விட்டுவிட்டார்கள். பெயரும் இருந்து பாஸ்புக்கில் மட்டும் வராவிட்டால், கேட்க வேண்டிய இடம் பி.எஃப். அலுவலகம்.

பெயர் விடுபட்டதுதான் என்றால் எச்.ஆர்.இடம் வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். யு.ஏ.என்., மெம்பர் ஐ.டி., விடுபட்ட இரண்டு சம்பள மாதங்கள், பே ஸ்லிப்பில் பிடித்த தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, நகலில் கையெழுத்து வாங்குங்கள். விடுபட்டவர்களுக்குத் துணைப் பட்டியல் போட்டு இப்போதும் பணம் கட்ட வழி இருக்கிறது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், அதன்மேல் அபராதமும் கம்பெனியிடம் வசூலிக்கப்படும் என்பதால் சில இடங்களில் தட்டிக் கழிப்பார்கள். உங்கள் சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது சட்டப்படி நம்பிக்கை மோசடிக் குற்றம், அதை எச்.ஆர். அறியாதவர் அல்ல.

இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் epfigms.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். யு.ஏ.என். கொடுத்து, மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் போதும். பாஸ்புக் பக்கம், இரண்டு பே ஸ்லிப், அந்த மாதங்களில் சம்பளம் ஏறிய வங்கிப் பக்கம், எச்.ஆர்.க்குக் கொடுத்த தாளின் நகல் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றுங்கள். ‘பணம் வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் விவரம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ‘சம்பள மாதம் 08/2024, 09/2024, பிடித்த தொகை தலா 1,680, கணக்கில் ஏறவில்லை’ என்று எழுதுங்கள். நேரில் பேச வேண்டுமென்றால் வேலூரில் பி.எஃப். மண்டல அலுவலகம் இருக்கிறது. அதோடு ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் ‘நிதி ஆப்கே நிகட்’ என்ற குறைதீர் முகாம் நடக்கிறது, ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் சேர்த்துத்தான். புகார் எண்ணையும் மேலே சொன்ன காகிதங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பணம் கட்டிவிட்டோம் என்று கம்பெனி சொன்னால், பாஸ்புக்கில் ஆகஸ்ட், செப்டம்பர் 2024 என்ற சம்பள மாதத்தோடு இரண்டு வரி வந்திருக்கிறதா, இரண்டிலும் பென்ஷன் கட்டத்தில் 1,166 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் புகாரை மூடச் சம்மதியுங்கள்.