எம்.ஓ.யூ. என்ற புரிந்துணர்வுக் குறிப்பில் கையெழுத்துப் போட்டாச்சு, ஒப்பந்தம் இன்னும் போடவில்லை. இது எங்களைக் கட்டுப்படுத்துமா?

தாளின் தலைப்பைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் எம்.ஓ.யூ. என்ற சொல்லே கிடையாது. இப்போதே கட்டுப்படுவதாக இருவரும் நினைத்தார்களா, ஒப்புக்கொண்டது என்ன என்று தெளிவாகத் தெரிகிறதா, இதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். "முறையான பத்திரம் பிறகு எழுதிக்கொள்வோம்" என்று இருப்பதாலேயே ஒரு பேச்சு செல்லாமல் போய்விடாது என்று 1968லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கம்பெனியோடு நாலு பக்க எம்.ஓ.யூ. போட்டார். "மாதம் சுமார் 2000 உருப்படி வாங்க உத்தேசித்துள்ளோம், விலை பின்னர் பேசி முடிவு செய்யப்படும்" என்று அதில் இருந்தது. அதை நம்பிக் கடன் வாங்கி மெஷின் இறக்கினார். ஐந்தே மாதத்தில் கம்பெனி கைவிரித்துவிட்டது.

வக்கீல் முதலில் படித்தது கடைசிப் பிரிவைத்தான். 4, 5, 6 தவிர மற்றவை யாரையும் கட்டுப்படுத்தாது என்று அங்கே ஒரே வரி, மச்சான் அதைப் படிக்கவே இல்லை. அந்த வரி இல்லாவிட்டாலும் 2000 உருப்படி நிற்பது கஷ்டம்தான், ஏனென்றால் 'உத்தேசம்' என்பது வாக்குறுதி ஆகாது, விலையும் பேசி முடியவில்லை. அர்த்தம் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்பாடு செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு. அதன் உதாரணங்களைப் படித்தால் நன்றாகப் புரியும்: நூறு டன் எண்ணெய் என்று மட்டும் எழுதினால் எந்த எண்ணெய் என்று தெரியாது, செல்லாது, ஆனால் விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி என்றால் செல்லும். விலையை இன்ன மூன்றாம் ஆள் சொல்வார் என்று எழுதியிருந்தாலும் செல்லும். மச்சானின் தாளில் விலைக்கு அப்படி ஒரு வழிகூட இல்லை.

நின்றது அந்த மூன்று பிரிவுகள்தான். 4: வரைபடங்களை வெளியே காட்டக் கூடாது. 5: 90 நாள் வேறு யாருக்கும் அந்த உருப்படியைச் செய்து தரக் கூடாது, இதனால் வந்த இன்னொரு ஆர்டரை அவர் விட்டார், சட்டப்படி விடத்தான் வேண்டியிருந்தது. 6: மாதிரி ஒப்புதலான 15 நாளில் பேட்டர்ன் செலவைக் கம்பெனி தர வேண்டும். ஒப்புதல் மெயில் கையில் இருந்ததால், நோட்டீஸ் போனதும் 3.4 லட்சம் வந்துவிட்டது. மெஷின் கடன் அவர் தலையில்தான்.

அதனால் உங்கள் தாளிலும் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். அப்படி ஒரு வரியே இல்லை என்றால் ஒவ்வொரு பிரிவாக யார், என்ன, எவ்வளவு, எப்போது என்று கேட்டுப் பாருங்கள், நாலுக்கும் பதில் இருந்து 'தர வேண்டும்', 'செய்ய வேண்டும்' என்றும் எழுதியிருந்தால் அது உங்களைப் பிடிக்க வாய்ப்பு அதிகம். அப்புறம், இதற்குள் பர்சேஸ் ஆர்டர் வாங்கிச் சரக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தால், எம்.ஓ.யூ. எப்படி இருந்தாலும் அந்த ஆர்டர் ஒவ்வொன்றும் தனி ஒப்பந்தம்.