பெயின்ட் அடிப்பது குடியிருப்பு, கடன் அடைப்பது நீங்களா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 12 வீடுகள், ஸ்டில்ட்டுக்கு மேல் மூன்று தளம். நான் சங்கச் செயலாளர். வெளிச்சுவர் முழுக்க ஒரே நிறம் அடிக்கலாம், எந்த நிறம் வேண்டும் என்று கேட்டு எல்லோருக்கும் கடிதம் கொடுத்தேன். நாலு பேர் அடர் சாம்பல், மூன்று பேர் க்ரீம், மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. மழைக்கு முன் முடிக்க வேண்டும். கான்ட்ராக்ட் எடுக்கும் என் மச்சினன் பத்து வருட வாரண்டி பெயின்ட் என்கிறான், பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறான். ரூ.2.75 லட்சம் பர்சனல் லோன் எடுத்து ஆரம்பித்துவிட்டு, பிறகு வீட்டுக்கு வீடு வசூலிக்கலாமா? இரண்டு வருடம் முன் போர் மோட்டாருக்கு மனைவியின் நகையை வைத்து ரூ.1.2 லட்சம் போட்டேன். அதில் இன்னும் ரூ.34,000 வரவில்லை.
- வாசகர், நங்கநல்லூர்

பதில்: வேண்டாம். உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளில்தான் சிக்கல் இருக்கிறது. ஊருக்காகக் கைக்காசைப் போட்டுவிட்டு, பிறகு வாசல் வாசலாகப் போய்க் கேட்பது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. போர் மோட்டார் கணக்கையே பாருங்கள். பணம் துண்டு துண்டாக வந்ததால் சராசரியாக ரூ.70,000 நிலுவையில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 10% வட்டி என்றால் வருடத்துக்கு ரூ.7,000, இரண்டு வருடத்துக்கு ரூ.14,000. இதை எந்த வீட்டுக்காரரும் தரவில்லை, தரவும் மாட்டார்.

இப்போது கேட்கும் லோன் 14% வட்டியில் மூன்று வருடத்துக்கு என்றால் தவணை மாதம் ஏறக்குறைய ரூ.9,400. வட்டி மட்டும் ரூ.63,000 போகும். ஒரு வீட்டின் பங்கே சுமார் ரூ.23,000தான். அதாவது உங்கள் பங்கைக் கட்டிய பிறகு, கிட்டத்தட்ட இன்னும் மூன்று வீட்டுக்கான பணத்தை வங்கிக்குத் தருகிறீர்கள். நடுவில் யாராவது வீட்டை விற்றுவிட்டுப் போனால் அந்த வசூலும் போயிற்று.

நிறம் கேட்டு எழுதிய கடிதத்தில் தொகை இல்லை. காசு கேட்காத கடிதத்துக்கு யாரும் அவசரமாகப் பதில் தருவதில்லை. தந்தவர்களும் செலவை யோசிக்காமல் பிடித்த நிறத்தைச் சொல்லிவிட்டார்கள். நிறத்தையும் பங்குத் தொகையையும் ஒரே தாளில் வைத்துக் கேளுங்கள்.

முதலில் செலவு. உங்கள் அளவுக் கட்டடத்தின் சுற்றளவு 220 அடி, கைப்பிடிச் சுவரோடு உயரம் 45 அடி என்று வைத்தால் 9,900 சதுர அடி. ஜன்னலுக்குக் கழிப்பதும் சன்ஷேடு, பால்கனிக்குக் கூட்டுவதும் ஏறக்குறைய சரியாகிவிடும், ஆகவே 10,000. சாரம், கழுவுதல், ஒரு கை பிரைமர், இரண்டு கை எமல்ஷன் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு ரூ.22 என்றால் ரூ.2.2 லட்சம். விரிசல் அடைக்க, மழைநீர்க் குழாய் சரிசெய்ய ரூ.30,000. கைக்காவலாக ரூ.25,000. மொத்தம் ரூ.2.75 லட்சம். ஜிஎஸ்டி சேர்த்தா தனியா என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். எல்லா வீடுகளும் சேர்ந்து 12,000 சதுர அடி என்றால் அடிக்குச் சுமார் ரூ.23. 850 அடி வீட்டுக்கு ரூ.19,500, 1,150 அடி வீட்டுக்கு ரூ.26,400.

நிறத்திலும் காசு இருக்கிறது. அடர் சாம்பல் புதிதில் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் சுவரில் உப்பு பூத்தாலும், மழைநீர் வழிந்தாலும், விரிசலை அடைத்து ஒட்டுப் போட்டாலும் வெள்ளைத் தடமாகத் தெரியும். வெயிலையும் அதிகம் இழுக்கும். பளீர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பெல்லாம் மேற்கு, தெற்குச் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். க்ரீம், மணல் நிறங்களில் தூசியும் பாசியும் தெரியும் என்பது உண்மை. ஆனாலும் பின்னால் ஒட்டுப் போடும்போது அவைதான் மன்னிக்கும். சாம்பல் கேட்பவர்களுக்கு சன்ஷேடு ஓரத்தையும் கைப்பிடிச் சுவரையும் கொடுங்கள். முழுச்சுவரைக் கொடுக்காதீர்கள்.

ஷேடு கார்டை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கார்டில் இருப்பதைவிடச் சுவரில், வெயிலில், நிறம் வெளிறித் தெரியும். ஒவ்வொரு நிறத்தையும் மேற்குச் சுவரில் ஒன்று, நிழலில் இருக்கும் சுவரில் ஒன்று என்று மூன்றடிக்கு மூன்றடி இரண்டு கை அடித்து, காய்ந்த பிறகு எல்லோரையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இந்தக் கடிதம்:

"வெளிச்சுவருக்கு ஒரே நிறம் முடிவு செய்ய வேண்டியுள்ளது. மேற்குச் சுவரிலும் நிழல் சுவரிலும் அ, ஆ என்று இரண்டு நிற மாதிரிகள் அடித்துள்ளோம், ஷேடு எண்கள் கீழே. ஒன்றைக் குறித்து உரிமையாளர் கையெழுத்திட்டு 15 நாளில் தரவும். அதிக வாக்கு பெற்ற நிறம் பொதுக்குழுவில் தீர்மானமாகப் பதியப்படும். உங்கள் வீட்டின் பங்கு ரூ._____. ஆகஸ்ட் 15-க்குள் சங்கத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தவும். ரூ.2.5 லட்சம் சேர்ந்த பிறகே சாரம் கட்டப்படும். அதற்குள் சேராவிட்டால் வேலை பிப்ரவரிக்குத் தள்ளப்படும்."

பதில் தராதவர் சம்மதித்ததாகக் கருதப்படும் என்று எழுதிவிடாதீர்கள். பணம் கேட்கும்போது அந்த வரிதான் சண்டைக்கு முதல் காரணமாகும். வாடகைக்கு இருப்பவரின் கையெழுத்தும் போதாது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரிடம் மின்னஞ்சலில் வாங்கலாம்.

மழைக்கு முன் முடித்தாக வேண்டும் என்ற அவசரம்தான் உங்களை லோனுக்குத் தள்ளுகிறது. மழைக்கு முன் செய்தே ஆக வேண்டியது விரிசல் அடைப்பதும் மழைநீர்க் குழாயும் மட்டும். அதற்கு ரூ.30,000, வீட்டுக்கு ரூ.2,500 இருந்தால் போதும். பெயின்ட் பிப்ரவரி வரை காத்திருக்கும். ஈரச்சுவரில் அவசரமாக அடித்தால் சில மாதத்தில் கொப்புளம் கிளம்பும், உரிந்தும் வரும். மழை நின்று மூன்று நான்கு வாரம் சுவர் காய்ந்தபின் அடிப்பது எப்படியும் நல்லது.

வாரண்டி விஷயம். பத்து வருடம் என்று பக்கெட்டில் பெரிதாகப் போட்டிருக்கும். நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரும்பாலும் அதே கம்பெனி பிரைமர், சொன்ன எண்ணிக்கையில் கை, சங்கத்தின் பெயரில் பில் என்று கேட்பார்கள். நீர்க்கசிவும் சுவர் விரிசலும் பெரும்பாலும் அதில் வராது. வாரண்டி கிடைத்தாலும் பெரும்பாலும் பெயின்ட் கிடைக்குமே தவிர, சாரமும் கூலியும் உங்கள் தலையில்தான். லிட்டருக்கு இரண்டு கையில் 55 சதுர அடி என்று வைத்தால் உங்களுக்கு 180 லிட்டர், அதாவது 20 லிட்டர் பக்கெட் ஒன்பது. பக்கெட் ரூ.6,000 என்றாலும் ரூ.54,000தான், மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் சாரம், கூலி, சுவர் தயாரிப்பு. உரிவதும் பெரும்பாலும் தயாரிப்புக் குறையால்தான். முதல் எட்டுப் பக்கெட்டையும் ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். நிறம் கலந்த பக்கெட்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார், அதனால் கடைசிப் பக்கெட்டை மட்டும் தேவை தெரிந்தபின் வாங்கலாம். அது வேறு பேட்ச் என்றால் பழைய பக்கெட்டோடு கலந்து, தெருவிலிருந்து தெரியாத பின்சுவரில் அடிக்கச் சொல்லுங்கள்.

மச்சினனும் கொட்டேஷன் தரட்டும், இன்னும் இரண்டு பேரிடமும் வாங்குங்கள். முடிவெடுக்கும்போது நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள், பொருளாளரும் இன்னொருவரும் பார்க்கட்டும். யாராக இருந்தாலும் பாதி முன்பணம் கிடையாது. சாரம் ஏறியதும் 20%, பிரைமர் முடிந்ததும் 30%, முதல் கை முடிந்ததும் 30%, மீதி வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்து. வீட்டில் மனஸ்தாபம் வரலாம். ரூ.63,000 வட்டியைவிட அது மலிவு.

அந்த ரூ.34,000-ஐ நிறத் தீர்மானம் எடுக்கும் அதே பொதுக்குழுவில், எந்தெந்த வீடு எவ்வளவு என்று வரவு செலவுக் கணக்கில் நிலுவையாகப் பதியுங்கள். வந்த அன்றே நகைக்கடனில் கட்டுங்கள். பெயின்ட் கணக்கோடு சேர்க்க வேண்டாம்.